ஆசனவாயில் திடீரென வரும் வலிமிகுந்த கட்டி: முதல் மூன்று நாள்களில் செய்ய வேண்டியவை

முந்தைய நாள்வரை ஒன்றும் இருக்காது. காலையில் கழிவறையிலிருந்து எழுந்து கழுவும்போது ஆசனவாயின் ஓரத்தில் கொண்டைக்கடலை அளவில், சிலருக்குத் திராட்சை அளவில், கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்படும். தொட்டால் உயிர் போவதுபோல் வலிக்கும். உட்கார முடியாது. இருமினாலும் தும்மினாலும் சுருக்கென்று இழுக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை.

இப்படி வருவது பெரும்பாலும் ரத்தம் உறைந்த வெளிமூலம். ஆபத்தான நோயன்று. ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஆனாலும் இது வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று நாள்களை வீணாக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. மருத்துவரிடம் காட்டக் கூச்சம். யாரோ சொன்ன களிம்பைத் தடவிக்கொண்டு, புற்றுநோயாக இருக்குமோ என்று இரவில் இணையத்தில் தேடிக்கொண்டு காலத்தைக் கழிக்கிறார்கள். வலியை விரைவில் தீர்க்கும் சிறிய அறுவை சிகிச்சைக்கு அந்த முதல் 72 மணி நேரமே ஏற்ற காலம். அது கடந்தபின் மருத்துவரிடம் போனால், “இனிப் பொறுத்திருப்பதுதான் நல்லது” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

கட்டிக்குள் என்ன இருக்கிறது?

தமிழில் எல்லாவற்றையும் ‘மூலம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஊர்ப் பக்கச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம்’ என்று எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரே நோயாகத்தான் தோன்றும். உண்மையில் உள்மூலமும் வெளிமூலமும் நடந்துகொள்ளும் விதமே வேறு.

ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில், வாயிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, பல் வரிசைபோல் நெளிந்த ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள பகுதி குடலின் சவ்வால் ஆனது. அங்கே வெட்டு, குத்து போன்ற வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதனால்தான் உள்மூலம் உள்ளவருக்கு மலம் கழிக்கும்போது செக்கச்செவேலென்று ரத்தம் சொட்டினாலும் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். விரல் நுனியில் உள்ளதைப்போல் கூர்மையாக உணரும் தோல் அது.

அந்தத் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் வலைபோல் படர்ந்துள்ளன. எல்லாருக்கும் இருப்பவைதான். முக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ அவற்றில் அழுத்தம் ஏறி ரத்தம் தேங்குகிறது. சில வேளைகளில் அந்த ரத்தம் நாளத்துக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்த ரத்தம் மேலே உள்ள தோலை உள்ளிருந்து உந்தி விரிக்கிறது. சுற்றிலும் வீக்கம் சேர்கிறது. விரிந்து கொடுக்க இடமில்லாத, நரம்புகள் நிறைந்த தோல் இழுபடுவதால்தான் இவ்வளவு வலி. கட்டி கருநீல நிறத்தில், நாவற்பழத்தைத் தோலுக்கு அடியில் வைத்ததுபோல் தெரிவதும் உள்ளே உறைந்த ரத்தம் இருப்பதாலேயே.

‘ரத்தம் உறைந்திருக்கிறது’ என்று மருத்துவர் சொன்னதும் பலர் பயந்துபோகிறார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்ததாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். அது கால் தசைகளுக்குள் ஆழமாக ஓடும் பெரிய நாளங்களில் வருவது. இங்கே உறைந்திருப்பது தோலுக்கு அடியில் உள்ள சிறு நாளத்தில், அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கும் சிறு துண்டு. அது இதயத்துக்கோ மூளைக்கோ போவதில்லை. அதைக் கரைக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளும் தேவையில்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

ஏன் வந்தது என்ற கேள்விக்கு எப்போதும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. மலச்சிக்கலோடு கழிவறையில் நெடுநேரம் உட்கார்ந்தது, இரண்டு நாள் விடாத வயிற்றுப்போக்கு, வீடு மாறும்போது அலமாரியைத் தூக்கியது, நீண்ட பேருந்து அல்லது விமானப் பயணம் என்று சிலருக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், குழந்தையைப் பெற்றெடுக்க முக்கியபின் வரும் நாள்களிலும் பெண்களுக்கு இது அடிக்கடி வருகிறது. கைப்பேசியைக் கழிவறைக்குள் கொண்டுபோகும் பழக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தால், அந்த அரை மணி நேரமும் ரத்தம் கீழே தேங்கிக்கொண்டே இருக்கும். சிலருக்கு இவை எதுவுமே இல்லாமலும் வருகிறது.

வீட்டுப் பெரியவர்கள் இதை ‘மூலச்சூடு’ என்பார்கள். உடம்பு சூடானதால் வந்தது, மோர் குடி, மிளகாயைக் குறை என்பது அவர்களின் அறிவுரை. மோரால் கெடுதல் இல்லை. காரம் மலத்தோடு வெளியேறும்போது புண்பட்ட இடத்தில் எரிச்சல் தருவதும் உண்மை. ஆனால், காரம் சாப்பிட்டதால் ரத்தம் உறைவதில்லை. குளிர்ச்சியான உணவு மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நார்ச்சத்தையும் தண்ணீரையும் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

இதுதானா, வேறு ஒன்றா?

முதல் நாளில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதைத்தான். வலியோடு வரும் எல்லாக் கட்டியும் மூலமில்லை. அவற்றுள் முக்கியமானது சீழ்க்கட்டி. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. உறைந்த மூலம் காத்திருந்தால் அடங்கும். சீழ்க்கட்டியோ காத்திருந்தால் பெருகும்.

வேறுபாட்டை நாள் போகும் போக்கிலேயே பார்த்துவிடலாம். உறைந்த மூலத்தின் வலி திடீரென்று, சில மணி நேரத்திலேயே உச்சத்துக்கு வந்து, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்று, பின்பு ஒவ்வொரு நாளும் குறையும். சீழ்க்கட்டியின் வலி மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் கூடும். நாடித்துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும். உறைந்த மூலம் கருநீலமாக, விளிம்பு தெளிவாக, உருண்டையாக, ஆசனவாயின் ஓரத்திலேயே இருக்கும். சீழ்க்கட்டி சற்றுத் தள்ளி, சிவந்து, சூடாக, எங்கே முடிகிறது என்று தெரியாத வீக்கமாக இருக்கும். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் சீழ் என்றே கருத வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாதவருக்கு அந்தப் பகுதியில் தொற்று வந்தால், அது தோலுக்கு அடியில் வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகக்கூடும். ஆகவே அவர்கள் “மூலமாகத்தான் இருக்கும்” என்று தாங்களாகவே முடிவுசெய்யாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று ஆசனவாய் வெடிப்பு. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவதுபோல் வலித்து, பிறகு சில நிமிடங்களோ சில மணி நேரமோ எரிந்துவிட்டு அடங்கும். அடுத்த முறை மலம் கழிக்கும்வரை பெரிதாகத் தொல்லை இராது. உறைந்த மூலத்தின் வலி கழிவறையோடு நிற்பதில்லை. நாள் முழுவதும் கூடவே இருக்கும்.

உள்மூலம் முழுவதாக வெளியே பிதுங்கி, திரும்ப உள்ளே போகாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது ஓரத்தில் ஓர் உருண்டையாக இல்லாமல், ஆசனவாயைச் சுற்றி ஈரமும் சளியுமாகப் பெரிய வீக்கம் தெரியும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு அது கறுக்கத் தொடங்கினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வெட்டுவதா, பொறுத்திருப்பதா?

மருத்துவர் இதைக் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார். வலி கடுமையாக இருக்கும்போது விரலை உள்ளே விட்டுச் சோதிப்பதைப் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். பலர் பயந்து தவிர்க்கும் அந்தச் சோதனை அன்றைக்கு நடக்க வாய்ப்பு குறைவு என்பது தெரிந்தால் கூச்சம் கொஞ்சம் குறையலாம்.

முடிவெடுக்க மருத்துவருக்குத் தேவைப்படுவது இரண்டு செய்திகள். வலி எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்கியது? இப்போது கூடிக்கொண்டு போகிறதா, குறைகிறதா? ஆகவே கட்டி தட்டுப்பட்ட நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்து, அது தாங்க முடியாததாகவும் இருந்தால், கட்டியை வெட்டி எடுப்பது ஒரு வழி. முழு மயக்கம் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். ஊசி ஏறும் அந்தச் சில விநாடிகள் எரியும். அதன்பின் கட்டியின் மேல் உள்ள தோலைச் சிறு நீள்வட்டமாக வெட்டி, உறைந்த ரத்தத்தையும் அது இருந்த நாளத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவது வழக்கம். அன்றே வீட்டுக்குப் போகலாம். உந்திக்கொண்டிருந்த அழுத்தம் போய்விடுவதால் பழைய வலி உடனே விட்டுப்போகும். மரப்பு தெளிந்ததும் வெட்டுக்காயத்தின் வலி இருக்கும், ஆனால் முன்னதைவிடக் குறைவாக. காயம் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம்.

சிறு கீறல் போட்டு ரத்தக்கட்டை மட்டும் பிதுக்கி எடுத்தால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. சில இடங்களில் அப்படியும் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், உறைந்த ரத்தம் எப்போதும் ஒரே துண்டாக இருப்பதில்லை. மாதுளை முத்துகள்போல் சிறு சிறு அறைகளில் பிரிந்து கிடக்கும். கீறலில் ஒன்று வெளிவந்தாலும் மற்றவை உள்ளே நிற்கும். கீறிய தோலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதால் அதற்கடியில் மீண்டும் ரத்தம் சேர்ந்து உறையக்கூடும். அதனால்தான் மேல்தோலோடு சேர்த்து எடுப்பதை அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். வீட்டில் ஊசியால் குத்துவதும் பிளேடால் கீறுவதும் கூடவே கூடாது. ரத்தம் நிற்காமல் போகலாம். இல்லாத சீழை நாமே வரவழைத்துக்கொள்ளவும் நேரலாம்.

மூன்று நாள் கடந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அதற்குள் வலி தன் உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கியிருக்கும். உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டத் தொடங்கியிருக்கும். இறங்கிக்கொண்டிருக்கும் வலிக்கு ஒரு புதிய வெட்டுக்காயத்தைக் கொடுப்பதில் பொருளில்லை. 72 என்பது கல்லில் எழுதிய எண்ணன்று. நான்காம் நாளிலும் வலி சற்றும் குறையவில்லை என்றால் மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம்.

இரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் பெருங்குடல் அறுவை மருத்துவத்துக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தது. 231 நோயாளிகளின் பழைய பதிவுகளை அது ஆராய்ந்தது. வெட்டி எடுத்தவர்களுக்குத் தொல்லைகள் தீர சராசரியாக ஏறக்குறைய 4 நாள் ஆயின. பொறுத்திருந்தவர்களுக்கு 24 நாள். மீண்டும் வந்தவர்கள் முதல் குழுவில் 100க்கு 6 பேர், இரண்டாம் குழுவில் 25 பேர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையன்று இது. கடுமையான வலியோடு வந்தவர்களே அறுவைக்கு அதிகம் போயிருப்பார்கள். ஆகவே எண்களை அப்படியே எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. எனினும் விரைவில் விடுபடுவதற்கு எது உதவும் என்பதை அது காட்டுகிறது.

ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும், ரத்தப்போக்குக் கோளாறு உள்ளவர்களுக்கும் வெட்டுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அத்தகையோர் இதற்காகத் தங்கள் இதய மருந்துகளைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மூலம் வந்ததைவிட அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

சிங்கப்பூரில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் வலி தானே அடங்கிவிடும். எனவே முதல் நாளே அக்கம்பக்கத்தில் உள்ள குடும்ப மருத்துவரைப் பார்த்து, “இது வெட்ட வேண்டிய நிலையா?” என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. ஆம் என்றால் அன்றே எங்கு போக வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

பொறுத்திருப்பவரின் ஐந்து நாள்

வெட்டிக்கொள்ளாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, பாதுகாவல் பணியில் இருக்கும் 44 வயது ஆடவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை, பெரும்பாலும் நாற்காலியில். தூக்கம் வரும் என்று தண்ணீருக்குப் பதில் காப்பி. மூன்று நாளாக மலச்சிக்கல். வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வந்து, முக்கி மலம் கழித்தபின் கட்டி தட்டுப்படுகிறது.

வியாழன் மாலை மருந்தகத்துக்குப் போகிறார். காய்ச்சல் இல்லை, நீரிழிவும் இல்லை. கட்டி கருநீலமாக இருக்கிறது. வலி கடுமைதான், ஆனால் தாங்க முடிகிறது, வெட்ட வேண்டாம் என்கிறார். மருத்துவர் மூன்று நாள் மருத்துவ விடுப்பும், வலி மாத்திரையும், மலத்தை இளக்கும் மருந்தும், மரத்துப்போகச் செய்யும் களிம்பும் தருகிறார்.

அவர் அன்றிரவே தொடங்க வேண்டியது மலத்தை இளக்கும் மருந்தைத்தான். பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். லாக்டுலோஸ் போன்ற மருந்து வேலைசெய்ய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். வலிக்குப் பயந்து கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்வது இந்த நோயில் எல்லாரும் செய்யும் தவறு. மூன்று நாள் அடக்கிவைத்த மலம் கல்லாகி, நான்காம் நாள் வெளியேறும்போது நிலைமை முதல் நாளைவிட மோசமாகிவிடும். வியாழன் இரவு குடித்த மருந்து சனிக்கிழமைக்கு உதவும்.

வலிக்குப் பாரசிட்டமால் முதல் தெரிவு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களும், ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கோடீன் கலந்த வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். வலி குறையும், மலச்சிக்கல் கூடும்.

அடுத்தது வெதுவெதுப்பான நீரில் உட்காருவது. வீவக வீட்டுக் குளியலறையில் தொட்டி இராது. கழிவறை இருக்கையின் மேல் பொருந்தும் பிளாஸ்டிக் பேசின் மருந்துக்கடைகளில் கிடைக்கும். அகலமான துணி அலசும் பேசினும் போதும், ஆனால் குந்தி உட்காராமல் இடுப்பு தண்ணீரில் அமிழும்படி உட்கார வேண்டும். கை பொறுக்கும் சூடு, பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, அதோடு ஒவ்வொரு முறை மலம் கழித்தபிறகும். இறுகிப்போன ஆசனவாய்த் தசை தளர்வதால்தான் வலி குறைகிறது. உப்போ கிருமிநாசினியோ கலக்கத் தேவையில்லை. கிருமிநாசினி அந்தத் தோலைப் பொசுக்கிவிடும். பிறகு துடைக்காமல் மெத்தென்ற துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். முதல் நாளில் வீக்கம் மிகுந்திருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தாலும் இதமாக இருக்கும்.

களிம்பைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பு சிறிது நேரம் வலியைத் தணிக்கும். உறைந்த ரத்தத்தை அது கரைக்காது. மருத்துவர் எழுதித்தரும் நிஃபெடிபின் கலந்த களிம்பு தசையைத் தளர்த்துவதால் சிலருக்கு நல்ல பலன் தருகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்துபோகும். கட்டியை உள்ளே தள்ளப் பார்ப்பதும் தவறு. அது உள்ளேயிருந்து வந்ததன்று, வெளித்தோலுக்கு அடியிலேயே உருவானது. தள்ளினால் வலிதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மிகக் கடினமான நாளாக இருக்கும். சனிக்கிழமை காலை மலம் இளகி வெளியேறுகிறது. பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்து, காலுக்கடியில் சிறு முக்காலி வைத்துக்கொண்டால் முழங்கால் உயர்ந்து முக்கவேண்டிய தேவை குறையும். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளாடையில் கறுத்த ரத்தமும், அதோடு ஈரல் துண்டுபோல் சிறு கட்டியும் இருக்கின்றன. அவர் கலங்கிப்போகிறார். வலியோ பாதியாகக் குறைந்திருக்கிறது. இழுபட்ட தோல் ஓரிடத்தில் புண்ணாகி, உள்ளிருந்த உறைகட்டி தானே வெளியேறியிருக்கிறது. சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஓரிரு நாள் கசியலாம். நிற்காமல் ஒழுகினாலோ தலைசுற்றினாலோ மட்டுமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். திங்கட்கிழமை அவரால் மெத்தையின்மேல் உட்கார முடிகிறது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை ஏற்றது எனப் பலர் நினைக்கிறார்கள். அது சுற்றியுள்ள பகுதியை அழுத்தி நடுவில் ரத்தத்தைத் தேங்கவைப்பதால், சாதாரண மெத்தையே மேல்.

எல்லாருக்கும் இவ்வாறு உடைந்து வெளியேறுவதில்லை. பலருக்கு ஏழு முதல் பத்து நாளில் வலி போய், கட்டி மட்டும் சில வாரங்களில் மெல்லக் கரைந்து சுருங்கும்.

இதற்கு மாறாக மூன்றாம் நாளுக்குப்பின் வலி கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், சிவப்பு தொடைப்பக்கமாகவோ விதைப்பையை நோக்கியோ பரவினாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் நேரத்தைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நள்ளிரவு என்பதற்காக விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இவை.

அடங்கியபின்

கட்டி இருந்த இடத்தில் சிலருக்குத் தோல் மட்டும் தொங்கலாக நிற்கும். வலிக்காது, ரத்தம் வராது. கழுவுவதற்குச் சிரமமாக இருந்தாலொழிய அதை எடுக்க வேண்டிய அவசியமில்லை.

மறுபடியும் வராமல் தடுப்பதெல்லாம் மலம் இளக்கமாக இருப்பதில்தான் இருக்கிறது. பப்பாளி, கங்கோங், கீரை, பருப்பு, ஓட்ஸ் என்று நார்ச்சத்தைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் அள்ளிச் சாப்பிட்டால் வயிறு உப்பும். இசப்கோல் தூளை எடுப்பவர்கள் அதை ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அந்தப் பாதுகாவலர் இரவு வேலைக்குப் போகும்போது காப்பியோடு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியையும் கொண்டுபோய், மணிக்கொருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்தால் அவருக்குப் போதுமானது.

இன்னொன்றையும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். உறைந்த மூலம் புற்றுநோயன்று என்றாலும், மூலம் இருக்கிறது என்பதாலேயே எல்லா ரத்தப்போக்கையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நான்கு வாரம் கழித்தும் கட்டி சுருங்காமல் கெட்டியாக நின்றாலும், மலத்தோடு ரத்தம் தொடர்ந்து கலந்து வந்தாலும், மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறினாலும், எடை குறைந்தாலும், பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேட்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத, 50 வயதை எட்டிய சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். மூலத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நாள்களில் அந்த மாதிரியை எடுத்தால் முடிவு குழப்பமாக வரும். ஆகவே புண் முழுதாக ஆறியபின் எடுப்பது நல்லது.